பழைய எடையா, புதிய எடையா?

செயற்கை நரம்பு வலைப் பாடத்தின் தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு உள்ளீடுகள், நடுவே மறை அடுக்கில் இரண்டு நியூரான்கள், கடைசியில் ஒரு வெளியீடு. தொடக்க எடைகளைக் கொடுத்து, ஒரே ஒரு பயிற்சி எடுத்துக்காட்டை வைத்து, பேக்ப்ராபகேஷன் முறையில் எடைகளை ஒருமுறை திருத்திக் காட்டச் சொல்வார்கள். உள்ளீடுகள் வெறுமனே எண்ணைக் கடத்துபவை என்பதால் அடுக்குக் கணக்கில் சேராது. அதனால் இது இரண்டடுக்கு வலை. 1986-ல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்த முறையைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உள்ளீடுகள் 1, 2. வர வேண்டிய விடை 1. முதல் மறை நியூரானின் எடைகள் 0.4, −0.2. உள்ளீட்டை எடையால் பெருக்கிக் கூட்டினால் 0.4 − 0.4 = 0. சிக்மாய்டில் 0 போட்டால் 0.5 வரும். இரண்டாவது நியூரானின் எடைகள் 0.2, 0.4. கூட்டுத்தொகை 1, சிக்மாய்டு தருவது 0.731. இவ்விரண்டும் 0.6, −0.4 என்ற எடைகள் வழியாக வெளியீட்டுக்குப் போகின்றன. கூட்டுத்தொகை 0.0076, சிக்மாய்டு தருவது 0.502. வேண்டியது 1, கிடைத்தது 0.502. வித்தியாசம் −0.498. அதன் வர்க்கத்தில் பாதியைப் பிழை என்று வைத்துக்கொண்டால் 0.124.

இனித்தான் பின்னோக்கிய பயணம். இதில் சுமந்து செல்வது டெல்டா என்ற ஒரே எண்ணைத்தான்: அந்த நியூரானுக்குள் போகும் கூட்டுத்தொகை சிறிது மாறினால் பிழை எவ்வளவு மாறும் என்பதை அது சொல்லும். சிக்மாய்டின் சரிவு எளிது. விடை y என்றால் சரிவு y(1−y). ஆக, வெளியீட்டின் டெல்டா −0.498 × 0.25 = −0.1245.

மறை நியூரானின் டெல்டாவுக்கு, இந்த எண்ணை இணைக்கும் எடையாலும் அந்த நியூரானின் சொந்தச் சரிவாலும் பெருக்க வேண்டும். முதல் நியூரானுக்கு −0.1245 × 0.6 × 0.25 = −0.0187. இரண்டாவதற்கு −0.1245 × −0.4 × 0.1966 = +0.0098. குறி மாறியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டாவது நியூரான் வெளியீட்டுக்கு எதிர்மறை எடையில் இணைந்திருக்கிறது. அது பெரிதானால் விடை இன்னும் குறையும். எனவே அதன் எடைகள் குறைய வேண்டும், முதலாவதன் எடைகள் கூட வேண்டும். குறி தவறினால் திருத்தம் நேர் எதிர்ப்பக்கம் போய்விடும். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

மீதி எளிது. எந்த எடையானாலும் அது போய்ச் சேரும் நியூரானின் டெல்டாவை, அதன் வழியாக வந்த எண்ணால் பெருக்கி, கற்றல் வீதத்தாலும் பெருக்கிப் பழைய எடையிலிருந்து கழிக்க வேண்டும். வீதம் 0.5 என்றால் 0.6 என்ற எடை 0.6311 ஆகிறது, −0.4 என்பது −0.3545 ஆகிறது. இரண்டாவது நியூரானின் 0.4 என்ற எடை 0.3902 ஆகிறது.

மாணவர்கள் பலரும் சறுக்குவது வரிசையில்தான். வெளியீட்டு எடையை முதலில் திருத்தி எழுதிவிடுவார்கள். பிறகு மறை நியூரானின் டெல்டாவுக்குப் போகும்போது, கண்ணெதிரே இருக்கும் புதிய −0.3545-ஐ எடுத்துப் பெருக்கிவிடுவார்கள். டெல்டா 0.0098-க்குப் பதில் 0.0087 ஆகும்; 0.3902 வர வேண்டிய இடத்தில் 0.3913 வரும். 0.124 என்ற பிழை பிறந்தது பழைய எடைகள் வழியாக. அதற்குப் பொறுப்பைப் பிரிக்கும்போதும் அதே பழைய எடைகளைத்தான் கேட்க வேண்டும். எல்லா டெல்டாக்களையும் கண்டுபிடித்து முடித்த பின்புதான் எந்த எடையிலும் கை வைக்கலாம்.

இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. புதிய எடைகளோடு கணக்கை மறுபடி முன்னோக்கிப் போட்டுப் பார்த்தால் விடை 0.516 ஆகவும் பிழை 0.117 ஆகவும் வரும். பிழை குறைந்திருக்கிறது, சரி. ஆனால் தவறான வரிசையில் போட்டவருக்கும் பிழை குறையத்தான் செய்யும். இச்சோதனை இந்த நுணுக்கத்தைக் காட்டாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பழைய எடைகளுக்கே திரும்பி, ஒரே ஓர் எடையை மட்டும் அசைக்க வேண்டும். இரண்டாவது நியூரானின் 0.2-ஐ 0.21 ஆக்கி, மற்றவற்றைத் தொடாமல் பிழையைக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 0.000098 கூடும். அதை 0.01-ஆல் வகுத்தால் 0.0098. நம் டெல்டாவை உள்ளீடு 1-ஆல் பெருக்கினாலும் அதுவே வருகிறது. புதிய எடையில் போட்ட 0.0087 இதனோடு ஒத்துப்போகாது. ஆறு தசம இடங்கள் வரை வைத்திருந்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். இடையிலேயே இரண்டு இடத்துக்குச் சுருக்கிவிட்டால் பிழையில் மாற்றமே இல்லாததுபோல் தோன்றும்.