உஷார்! அரண்மனை விளக்கு அணைந்தால் கிளீன் பிளேட் கிடைக்காது

மைசூரு அரண்மனை முன்னால் இரவுக் காட்சி எழுதி வைத்திருக்கிறீர்களா? அதில் யானையையோ படையையோ கணினியில் சேர்க்கப்போகிறீர்களா? அப்படியென்றால் ஊருக்குக் கிளம்பும் முன் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். அந்தக் காட்சியின் ஓரத்தில் 'சி.ஜி.' என்று மட்டும் எழுதியிருந்தால் ஆபத்து ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

காரணம் எளிது. 1912-இல் கட்டி முடித்த அந்த அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் இருக்கின்றன. தசரா நாட்களை விட்டால் ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களின் மாலையில்தான் அவை படம் எடுக்கும் அளவுக்கு நீண்ட நேரம் முழுமையாக எரியும். ஏழு மணி வாக்கில் ஏறும் விளக்கு முக்கால் மணி நேரத்தில் ஒரே நொடியில் அணைந்துவிடும். அதற்குள் எடுக்காததை அடுத்த ஞாயிறோ விடுமுறை நாளோதான் எடுக்க முடியும். நடிகரின் தேதி, டிராலி வாடகை, அனுமதி எல்லாம் அதுவரை காத்திருக்காது.

ஒரு படத்தில் இது நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். நாயகன் அரண்மனை வாசலை நோக்கி நடக்கிறான், அவன் பின்னால் ஒரு யானை குறுக்கே போகிறது. யானை கணினியில் வர வேண்டியது. டிராலியில் ஏழு டேக் எடுத்தார்கள். கடைசி டேக் ஓகே ஆனபோது மணி 7.40. எல்லோரும் கைதட்டினார்கள், விளக்கு அணைந்தது, பேக்கப். கிராபிக்ஸ் அறைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது: நாயகனின் தோளுக்குப் பின்னால் ஒரு லைட் ஸ்டாண்டும், செல்போனை உயர்த்திப் பிடித்த ஒரு பார்வையாளரும் நிற்கிறார்கள். அவர்களை அழித்துவிட்டு அங்கே வைக்க, ஆளில்லாத அதே பின்னணி எங்கும் இல்லை. ஷாட் ஆறு நொடிதான். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 144 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் மறைந்துபோன பல்புகளைக் கையால் வரைந்தார்கள்.

அந்த ஸ்கிரிப்டில் இருந்த குறிப்பு 'யானை - சி.ஜி.' என்பது மட்டுமே. யானையைச் சேர்ப்பது மட்டும்தான் வேலை என்று அது எல்லோரையும் நம்பவைத்தது. நீக்க வேண்டியதும் வேலைதான் என்று அதில் யாரும் எழுதவில்லை. குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்:

காட்சி 42, ஷாட் 030. இரவு, அரண்மனை விளக்கு முழுதும் எரியும் நேரம்.
சேர்ப்பது: யானை, இடமிருந்து வலம், நாயகனுக்குப் பின்னால்.
நீக்குவது: ஸ்டாண்ட், கேபிள், கூட்டம்.
பிளேட் அ: நாயகனோடு, டிராலி நகர்வு.
பிளேட் ஆ: நாயகன் இல்லாமல் அதே நகர்வு, அதே வேகம்.
பிளேட் இ: கேமராவை நிறுத்தி வெறும் அரண்மனை, குறைந்தது 2 நிமிடம்.
மார்க்கர்: தரையில் எல்.இ.டி. புள்ளிகள், நாயகனின் பாதையை விட்டு விலகி.

ஷாட் எண்ணைப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். 030-க்கும் 040-க்கும் நடுவில் ஸ்பாட்டில் புதிதாக ஒன்று முளைத்தால் 035 என்று நுழைத்துவிடலாம். கிளாப் பலகையிலும் அதே எண் இருக்கட்டும்.

ஆ, இ என்று இரண்டு பிளேட் எதற்கு? கேமரா நகரும்போது தூரத்து அரண்மனை அதிகம் இடம் மாறாது. அதனால் நிறுத்தி எடுத்த இ பிளேட்டையே பின்னால் பொருத்திவிடலாம். பக்கத்துத் தரை அப்படியல்ல, கேமராவோடு வேகமாக நகரும். அதற்கு ஆ பிளேட்தான் கை கொடுக்கும். கையால் தள்ளும் டிராலி இரண்டு முறையும் துல்லியமாக ஒரே மாதிரி போகாது என்பது உண்மை. கொஞ்சம் முன்பின் ஆனாலும் கணினியில் சரிசெய்யலாம், இல்லாத பிளேட்டைச் சரிசெய்ய முடியாது.

இ பிளேட்டுக்கு ஏன் இரண்டு நிமிடம்? ஞாயிற்றுக்கிழமை அந்த வளாகத்தில் கூட்டமில்லாத நொடியே கிடையாது. ஆனால் மனிதர்கள் நகர்வார்கள், பல்புகள் நகராது. கேமராவை அசையாமல் பூட்டி எடுத்தால், ஒவ்வோர் இடத்திலும் அதிக நேரம் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு கணினி கூட்டத்தைக் கரைத்துவிடும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒருவர் பாதி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்று வீடியோ எடுத்தால் அவர் கரைய மாட்டார். உதவி இயக்குநர் ஒருவர் போய் அவரைப் பணிவாக நகர்த்தத்தான் வேண்டும்.

அடுத்த உஷார், மார்க்கர். பகலில் ஒட்டும் வண்ண டேப்பை இரவில் கேமரா பார்க்காது. 'ஒரு லட்சம் பல்பு இருக்கிறதே, அதைவிட மார்க்கர் வேண்டுமா?' என்று கேட்பார்கள். நம்பாதீர்கள். பல்புகள் எல்லாம் ஒரே மாதிரி, வரிசையாக. டிராக்கிங் மென்பொருள் ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டே போய் சத்தமில்லாமல் பக்கத்துப் பல்புக்குத் தாவிவிடும். அதோடு அவை எல்லாமே தூரத்தில், கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருப்பவை. கேமரா எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட அருகிலும் தூரத்திலும் புள்ளிகள் வேண்டும். தூரத்துக்கு அரண்மனை போதும், அருகுக்குத் தரையில் நீங்கள் வைக்கும் எல்.இ.டி.தான். எந்த நொடியிலும் ஃபிரேமுக்குள் எட்டுப் புள்ளிகளாவது ஒருசேரத் தெரியட்டும். அவற்றை ஒரே கோட்டில் அடுக்காமல் சிதறவிடுங்கள். நாயகனின் தலைமுடிக்குப் பின்னால் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அதை அழிப்பது யானையைச் செய்வதைவிடப் பெரிய வேலை.

மூன்றாவது, வானம். ஜூனில் மைசூருவில் சூரியன் மறையவே 6.45-க்கு மேல் ஆகும். ஏழு மணிக்கு வானம் இன்னும் நீலம், 7.40-க்கு கறுப்பு. நீல வானத்தில் எடுத்த டேக்குக்கு கறுப்பு வானத்தின் பிளேட் பொருந்தவே பொருந்தாது. எனவே கிளீன் பிளேட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நாயகன் ஃபிரேமுக்குள் வரும் முன் ஒருமுறை, டேக் ஓகே ஆன உடனே ஒருமுறை எடுங்கள். ஸ்கிரிப்டில் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த முக்கால் மணிக்கு இரண்டு ஷாட்டுக்கு மேல் தாங்காது என்பது முன்னாலேயே தெரிந்துவிடும்.

பிளேட் எடுத்தாயிற்று என்று சொன்னதும் நம்பிவிடாமல் மானிட்டரில் டேக்கையும் பிளேட்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பல்புகள் ஒன்றில் கூர்மையாகவும் மற்றதில் மங்கலாகவும் இருக்கிறதா? நாயகன் போனதும் ஃபோகஸ் உதவியாளர் அரண்மனைக்கு ஃபோகஸை மாற்றிவிட்டார் என்று பொருள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் பிளேட் வீண். வெளிச்சம் கூடிக் குறைந்தால் ஐரிஸைத் தொட்டிருக்கிறார்கள். லென்ஸ், ஃபோகஸ் தூரம், ஐரிஸ், கேமராவின் உயரம், சாய்வு ஆகிய ஐந்தையும் ஓகே டேக்கின் பக்கத்திலேயே குறித்து, அவற்றை மாற்றாமல் பிளேட் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு யாராவது அங்கே டிராலி போடப்போகிறார்கள். 'பேக்கப்' சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு இருக்கலாம். ஆ, இ பிளேட்டுகளுக்கு நேராக டிக் விழாமல் அந்தச் சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்று இன்றைக்கே ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். விளக்கு அணைவதற்குப் பத்து நிமிடம் முன்பு அதை உரக்கப் படிக்க ஒருவரை நியமியுங்கள்.