குறைந்த பார்வையுடையோரும் இணையப் பக்கமும்

மும்பைக் காட்கோபரிலுள்ள ஒரு பள்ளி, மாணவர் சேர்க்கை அறிவிப்பையும் விண்ணப்பத்தையும் இணையப் பக்கமாக வெளியிடுவதாகக் கொள்வோம். கண்பார்வை மங்கிய தாய் ஒருவர் அதனைத் திறக்கிறார். அவரைத் தடுக்கக்கூடிய குறைகள் பெரும்பாலும் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, எழுத்திற்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு. வெண்ணிறப் பின்னணியில் `#999999` என்னும் சாம்பல் நிற எழுத்து அழகாகத் தோன்றலாம். ஆனால் அதன் ஒளி விகிதம் ஏறத்தாழ 2.85க்கு 1 மட்டுமே. இயல்பான பார்வைக்கு 3க்கு 1 போதுமென்று முன்னரே வரையறுத்துள்ளனர். பார்வைக் கூர்மை 6/12 அளவிற்குக் குறைந்தவர்க்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு தேவைப்படும். ஆகவேதான் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்பது பன்னாட்டு நெறியாயிற்று. அந்நிறத்தை `#767676` எனச் சற்றுக் கருமையாக்கினால் விகிதம் 4.54 ஆகிவிடும். பார்வை இன்னும் குறைந்தவர்க்கு இதுவும் போதாது. அவர்கள் பொருட்டு 7க்கு 1 என்னும் உயர்ந்த அளவும் உண்டு.

இரண்டாவது, படம். சேர்க்கை நாட்களை அச்சடித்து, நிழற்படமெடுத்து ஏற்றினால், திரையை வாசிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் படமே. சில வேளைகளில் கோப்பின் பெயரை மட்டும் ஒலிக்கும். அப்படத்திற்கு மாற்றுரை பின்வருமாறு அமையவேண்டும்:

```
<img src="notice.jpg" alt="விண்ணப்பம்: ஜூன் 2 முதல் 10 வரை">
```

"அறிவிப்புப் படம்" என்று எழுதுவது பயனற்றது. படம் தரும் செய்தியையே எழுதுதல் வேண்டும். வெறும் அலங்காரப் படமாயின் `alt=""` என விட்டால் மென்பொருள் அதனைத் தாண்டிச் செல்லும். நீண்ட கட்டணப் பட்டியலைப் படமாக்காது, பக்கத்திலேயே அட்டவணையாகத் தருவதே முறை.

மூன்றாவது, விசைப்பலகை. திரையைப் பன்மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவருக்குச் சுட்டியின் அம்புக்குறி அடிக்கடி காணாமற்போகும். ஆதலால் அவர் `Tab` விசையால் நகர்கிறார். "அனுப்புக" என்னும் பொத்தானை `<div>` கொண்டு அமைத்து, சுட்டியால் அழுத்தினால் மட்டும் இயங்குமாறு செய்திருந்தால், `Tab` அங்கே நில்லாது. நிரப்பிய விண்ணப்பம் அனுப்பப்படாமலே கிடக்கும். `<button>` என அமைப்பின் இக்குறை நேராது. `outline: none` என்னும் கட்டளை வேறொரு தீங்கு செய்கிறது: எவ்விடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கட்டத்தை அது மறைத்துவிடுகிறது.

சோதிக்கும் முறை எளிது. சுட்டியை ஒதுக்கிவைத்து, `Tab`, `Shift+Tab`, `Enter` முதலிய விசைகளால் மட்டும் விண்ணப்பத்தை முடிவுவரை நிரப்பிப் பார்க்கவேண்டும். ஒளி விகிதத்தையும் மாற்றுரை உள்ளதா என்பதையும் கருவிகள் கணித்துச் சொல்லும். ஆனால் மாற்றுரையிலுள்ள தேதி சரியானதா என்பதை மனிதரே படித்தறிய வேண்டும். இயலுமாயின், பார்வை குறைந்த ஒருவரைக்கொண்டே பக்கத்தைப் பயன்படுத்திப் பார்ப்பது நலம்.

மின்னணு வழியில் சேவைகளை அணுகுதல், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்குமென 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேற்கூறிய தாய் பள்ளியிடம் கேட்பது சலுகையன்று என்பது இதனால் விளங்கும்.