குக்கரை மூடி வச்சிட்டுத் தூங்காத, தம்பி!

மகன் முதன்முதலாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடப் போகிறான். மதுரையிலிருந்து சாமான்களோடு வந்த அம்மா, சென்னையில் அவன் பிடித்திருக்கும் ஒற்றை அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். மிச்சம் மீதியை என்ன செய்வது என்பதுதான் தாள் முழுக்க. குழம்பு, பொரியல், சட்னி எல்லாம் வருகிறது. ஆனால் முதல் வரி சோற்றைப் பற்றியது:

"தம்பி, ராத்திரி மிச்சச் சோத்த குக்கர்லயே மூடி வச்சிட்டுத் தூங்காத. தாம்பாளத்துல பரப்பி ஆற விடு. சூடு அடங்கினதும் டப்பால போட்டு ஃப்ரிட்ஜுல வை. மறுநாளே தின்னு தீத்துடு."

மற்ற விதிகளை மறந்தாலும் இதை அவன் மறக்கக்கூடாது. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற மண் கிருமியின் வித்துகள் ஒட்டியிருப்பது சகஜம். சோறு கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாக ஆறும் நேரத்தில் அது முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் அழியாது. 'காலையில நல்லா சுட வச்சித்தானே சாப்பிட்டேன்' என்று பையன்கள் சொல்வது இதனால்தான் எடுபடாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும்.

மூடிய குக்கர் இதற்குத் தோதான இடம். சூடு சீக்கிரம் இறங்காது, ஈரமும் போகாது. பல மணி நேரம் உள்ளே வெதுவெதுப்பு நிற்கும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்தபோது தெரியவந்த காரணமும் இதுவே. மொத்தமாக வடித்த சோற்றை இரவெல்லாம் வெளியே வைத்திருந்து, மறுநாள் வாணலியில் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

2008இல் பெல்ஜியத்தில் நடந்ததை இந்தத் தாளின் ஓரத்தில் நானே எழுதி ஒட்டலாமா என்று தோன்றியது. இருபது வயது மாணவர் ஒருவர், சமைத்து ஐந்து நாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பெகட்டியைச் சுட வைத்துச் சாப்பிட்டார். அரை மணி நேரத்திலேயே தலைவலி, வயிற்று வலி. பிறகு மணிக்கணக்கில் வாந்தி. நள்ளிரவு வயிற்றுப்போக்குக்குப் பின் தூங்கியவர், மறுநாள் எழுந்திருக்கவில்லை. மருத்துவ இதழில் பதிவான சம்பவம். இது அபூர்வம்தான், பெரும்பாலோருக்கு ஒரு நாள் அவதியோடு போய்விடும். ஆனாலும் தனியாக இருக்கும் பையன் இரவு பன்னிரண்டு மணிக்கு வாந்தியெடுத்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அம்மாவின் அடுத்த வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. "மோந்து பாரு, வாடை வந்தா கொட்டிடு" என்கிறார். சாம்பாருக்கு இது ஓரளவு சரி. நுரைத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ தெரிந்துவிடும். தேங்காய்ச் சட்னியும் தானே காட்டிக்கொடுத்துவிடும். சோற்றில் இந்த நஞ்சுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. மூக்கை நம்பாமல் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். அடுப்பை அணைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். சென்னை சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். அதற்குள் சோறு ஃப்ரிட்ஜுக்குள் போயாக வேண்டும்.

பழைய சோறு தின்று வளர்ந்தவர்கள் இங்கே சிரிப்பார்கள். தண்ணீர் ஊற்றி ஊற வைத்த சோற்றில் புளிப்பு ஏற ஏறக் கிருமிகள் அடங்கும், அது வேறு கணக்கு. குக்கரில் மூடிக் கிடக்கும் சோற்றுக்கு அந்தப் புளிப்புக் காவல் இல்லை.

பரப்புவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சோற்றைக் குண்டானோடு ஃப்ரிட்ஜில் தள்ளினால் மேலே சில்லிட்டு நடுவே வெகுநேரம் சூடு நிற்கும். தாம்பாளத்தில் பரப்பினால் சீக்கிரமே ஆவி அடங்கிவிடும். பிறகு டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் போட்டு வைக்கலாம். மறுநாள் தின்கிற அளவை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளித்து மூடி, நடுவிலிருந்தும் ஆவி பறக்கும்வரை சுட வைக்க வேண்டும். சுட வைத்ததில் மிச்சமானால் மறுபடி உள்ளே வைக்கக்கூடாது.

கரண்ட் போனால்? ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம்வரை குளிர் தாங்கும். அதைத் தாண்டினால் என்ன செய்வது என்பதற்கு அம்மா தாளின் கடைசியில், பேனா மை தீர்ந்துபோய் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "சோத்த கொட்டிடு. பாவம்னு பாக்காத. கீழ கடைல நாலு இட்லி வாங்கிக்க."