ஆர்டர் எங்கே நழுவுகிறது? ஒரு மணி நேரக் கணக்குத் தணிக்கை

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு சிறிய சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்கு இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு இருக்கிறது. ஆறாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். வாரத்துக்கு மூன்று பதிவுகள் போகின்றன, லைக்கும் விழுகிறது. ஆனால் மாதம் பத்துச் சேலைக்கு மேல் ஆன்லைனில் விற்பதில்லை. வீட்டில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “இன்னும் நிறைய ரீல்ஸ் போடணும்.”

அது சரியான யோசனையா என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, கணக்கு இருக்கும் போன், கடையைப் பின்தொடராத ஒருவருடைய போன். இவ்வளவு போதும். எந்தக் கட்டணச் செயலியும் தேவையில்லை.

முதல் ஐந்து நிமிடம் எண்களுக்கு. வணிகக் கணக்குக்குள் இருக்கும் ‘இன்சைட்ஸ்’ பகுதியைத் திறந்து, கடந்த 30 நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுகள் எத்தனை பேரைச் சென்றடைந்தன, அவர்களில் எத்தனை முறை ப்ரொஃபைலுக்கு வந்து பார்த்தார்கள், அங்குள்ள இணைப்பை எத்தனை முறை தட்டினார்கள் என்பதெல்லாம் அங்கேயே கிடைக்கும். புதிதாக வந்த விசாரிப்புகளையும் முடிந்த ஆர்டர்களையும் கையால் எண்ணிக்கொள்ள வேண்டும். நம் மாதிரிக் கடையில் இப்படி வருகிறது: சென்றடைந்தவர்கள் 18,000. ப்ரொஃபைலுக்கு வந்தது 900. இணைப்பைத் தட்டியது 18. மெசேஜில் விசாரித்தவர்கள் 120. ஆர்டர் 10.

இந்த ஐந்து எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியதுமே, எந்தப் படியில் ஆட்கள் அதிகம் உதிர்கிறார்கள் என்ற சந்தேகம் எழும். நூறு பேர் பார்த்தால் ஐந்து பேர் ப்ரொஃபைலுக்கு வருகிறார்கள். அப்படி வரும் நூறு பேரில் இரண்டு பேர்தான் இணைப்பைத் தட்டுகிறார்கள். விசாரிப்பவர்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வாங்குகிறார். கடைசி இரண்டு படிகளும் உறுத்துகின்றன. மிச்ச நேரம் முழுவதும் அந்த உறுத்தலுக்குக் காரணம் தேடுவதுதான்.

அடுத்த பத்து நிமிடம் ப்ரொஃபைல். கடைக்காரர் தன் பக்கத்தைத் தினமும் பார்ப்பதால் அதில் இருக்கும் குறை அவர் கண்ணில் படாது. அதனால்தான் இன்னொருவருடைய போன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பக்கத்தைத் திறந்து காட்டி, பத்து விநாடியில் வாங்கி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்கலாம். என்ன விற்கிறார்கள்? எந்த ஊர்? வாங்க வேண்டுமென்றால் எதைத் தட்ட வேண்டும்?

நம் கடையின் பயோவில் நிறுவிய ஆண்டு, தரமே எங்கள் தாரகமந்திரம் என்ற வரி, நான்கு பூக்கள், இரண்டு இதயங்கள் இருக்கின்றன. சுங்குடி என்ற சொல்லே இல்லை. பயோவுக்கு இன்ஸ்டாகிராம் தருவது 150 எழுத்துகள்தான், அதில் பூவுக்குக் கொடுத்த இடம் ஊர்ப் பெயருக்குக் கிடைக்கவில்லை. இதைவிட முக்கியமானது, படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் வரும் பெயர்ப் பகுதி. தேடுபவர்களுக்குக் கணக்கைக் காட்டும்போது இன்ஸ்டாகிராம் இந்தப் பகுதியையும் பார்க்கிறது. கடைப் பெயரோடு ‘சுங்குடி சேலை’ என்று சேர்த்துவிட்டால், கடையின் பெயர் தெரியாதவரும் தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டு. அவசரப்பட்டு மாற்றிவிடக் கூடாது. 14 நாளுக்குள் இரண்டு முறைதான் அந்தப் பெயரை மாற்ற முடியும்.

பிறகு இணைப்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தால், எப்போதோ ஆரம்பித்துக் கைவிட்ட வலைத்தளம். பக்கமே திறக்கவில்லை. 900 முறை வந்து பார்த்தும் 18 தட்டல்தான், அந்த 18 பேரும் மூடிய கதவில்தான் போய் நின்றிருக்கிறார்கள். மேலே பின் செய்து வைத்த மூன்று பதிவுகளில் ஒன்று, இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளித் தள்ளுபடி. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நீள்செவ்வகமாக மாற்றியது. அதற்கு முன் போட்ட சதுரப் படங்களின் ஓரத்தில் விலையோ போன் எண்ணோ எழுதியிருந்தால், கட்டத்தில் அது வெட்டுப்பட்டுத் தெரியும். இதையும் அந்த இரண்டாவது போனிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்த இருபது நிமிடம் பதிவுகளுக்கு. கடைசிப் பன்னிரண்டு பதிவுகளை நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம் குறிக்க வேண்டும்: எத்தனை பார்வை, அதில் பின்தொடராதவர்கள் எவ்வளவு, எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள், அந்தப் பதிவிலிருந்து எத்தனை பேர் ப்ரொஃபைலுக்கு வந்தார்கள். லைக்கை எழுதாமல் விட்டாலும் நஷ்டமில்லை. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே, பதிவை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றையும்தான் முக்கியமான அளவுகோல்களாகச் சொல்லியிருக்கிறார். புதியவர்களிடம் பதிவு போய்ச் சேருவதற்கு, பிறருக்கு அனுப்புவதுதான் கூடுதலாக உதவுகிறது என்பதும் அவர் சொன்னதுதான்.

இங்கே சராசரி எடுக்கக் கூடாது. ஒரே ஒரு ரீல் எப்படியோ ஓடிவிட்டால் சராசரி மொத்தமும் ஏறிவிடும், மற்ற பதினொன்றும் நன்றாகப் போனதுபோல் தோன்றும். பார்வை எண்ணைக் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தால்தான் வழக்கமான நிலை தெரியும்.

நம் கடையின் பன்னிரண்டில் ஐந்து, பண்டிகை வாழ்த்துகள். அவற்றைப் பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஏற்கனவே பின்தொடர்பவர்கள். நான்கு, ‘புது வரவு’ என்று மடித்து வைத்த சேலைகளின் படம். ஒன்றிலும் விலை இல்லை. மீதி மூன்று ரீல்ஸ். துணியில் நூலால் சிறு முடிச்சுகள் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரிக்கும்போது புள்ளிகள் தெரிவதைக் காட்டுகிற ரீல்தான் பின்தொடராதவர்களிடம் அதிகம் போயிருக்கிறது. அதை நிறைய பேர் பிறருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கீழே வந்திருக்கும் கேள்விகள்: “சாயம் போகுமா?”, “ப்ளவுஸ் பிட் உண்டா?”, “பிபி ப்ளீஸ்”. விலை கேட்பதற்கு வாடிக்கையாளர்கள் போடும் சுருக்கம்தான் அந்த பிபி. மூன்றுக்கும் கடையின் பதில் ஒன்றே: “டிஎம் பண்ணுங்க.”

ஆக, பதிவு மோசமில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாயத்தைப் பற்றி ஒரு ரீலும், விலையும் நீளமும் ப்ளவுஸ் விவரமும் எழுதிய படங்களும் போட்டால் வாழ்த்துப் பதிவுகளுக்குப் போகும் உழைப்பு வேலை செய்யும். பன்னிரண்டு பதிவுகளை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்த இருபது நிமிடம் இன்பாக்ஸ். தணிக்கையில் பெரும்பாலோர் தொடாத இடம் இது. தொட்டால் அதிகம் பேசுவதும் இதுதான்.

முதலில், கடை பின்தொடராதவர்கள் அனுப்பும் மெசேஜ்கள் வந்து தங்கும் ‘ரெக்வெஸ்ட்ஸ்’ பகுதி. அதற்குள் மறைத்து வைக்கப்பட்ட கோரிக்கைகள் என்று இன்னொரு அடுக்கும் இருக்கிறது. வாரக்கணக்கில் திறக்காமல் கிடக்கும் சேலை விசாரிப்பு அங்கே அகப்படுவது சாதாரணம்.

பிறகு, கடைசி முப்பது உரையாடல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கடைசியாகப் பேசியது யார், என்ன பேசியபோது பேச்சு நின்றது என்று மட்டும் குறிக்க வேண்டும். நம் கடையில் முப்பதில் மூன்று ஆர்டரானது. ஒன்பதில் வாடிக்கையாளர் விலை கேட்டதோடு நிற்கிறது, பதிலே போகவில்லை. பதினொன்றில் கடை தன் வாட்ஸ்அப் எண்ணை அனுப்பி “இதுல வாங்க” என்றதோடு நிற்கிறது. நான்கு, விலை சொன்ன பிறகு. மூன்று, கூரியர் கட்டணம் சொன்ன பிறகு.

இதைப் பார்த்தால் கடைக்காரருக்கு ஒரு பழைய நம்பிக்கை உடையும். விலை அதிகம் என்று ஆட்கள் போய்விடுகிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் வாங்காத இருபத்தேழு பேரில் இருபது பேருக்கு விலையே சொல்லப்படவில்லை. வாட்ஸ்அப்புக்கு அனுப்பப்பட்ட பதினொரு பேர் எண்ணைச் சேமித்து, இன்னொரு செயலியைத் திறந்து, சேலைப் படத்தை மறுபடி அனுப்பி, மறுபடி விலை கேட்க வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் படுத்துக்கொண்டே சேலை பார்க்கிறவர் அத்தனையும் செய்ய மாட்டார்.

மெசேஜ் வந்த நேரத்தையும் பதில் போன நேரத்தையும் பக்கத்தில் எழுதினால் இன்னொன்றும் தெரிகிறது. விசாரிப்புகள் பெரும்பாலும் இரவில் வருகின்றன, கடை போனைப் பார்ப்பது மறுநாள் காலை பதினொரு மணிக்கு.

கடைசி ஐந்து நிமிடம் முடிவுக்கு. ப்ரொஃபைலில் ஓட்டை இருக்கிறது, பதிவிலும் இருக்கிறது. ஆனால் காசு கொடுக்கத் தயாராக வந்து நிற்பவர்கள் போவது இன்பாக்ஸில். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் இன்னும் ரீல்ஸ் போட்டால் பதில் கிடைக்காதவர்களின் எண்ணிக்கைதான் கூடும். எனவே முதல் திருத்தம் அங்கே. விலை, நீளம், ப்ளவுஸ் பிட், கூரியர் கட்டணம் எல்லாம் அடங்கிய பதிலை இன்ஸ்டாகிராமின் சேமித்த பதில்களில் எழுதி வைத்து, கேட்ட இடத்திலேயே முதலில் விலையைச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்புக்கு வர விரும்புபவருக்கு வெறும் எண்ணுக்குப் பதிலாக, தட்டினால் நேரே உரையாடல் திறக்கும் இணைப்பைத் தரலாம். அதன் வடிவம் இது:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91-க்குப் பின் கடையின் பத்து இலக்க எண்ணைப் போட வேண்டும், கூட்டல் குறியோ இடைவெளியோ கூடாது. பயோவில் இருக்கும் செத்த வலைத்தள முகவரியை எடுத்துவிட்டு இதையே வைத்துவிட்டால் அந்தப் பழுதும் கையோடு தீரும். இரவு ஒன்பது முதல் பத்தரை வரை வீட்டில் யார் போனைப் பார்ப்பது என்றும் அப்போதே பேசி முடிவு செய்துவிடலாம்.

பெயர்ப் பகுதி, பின் செய்த பதிவுகள், சாய ரீல் ஆகியவை அடுத்த மாதத்துக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஆர்டர் கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது.

இந்தத் தணிக்கைக்கு எல்லைகளும் உண்டு. இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டு நேரில் வந்து வாங்கியவர் இந்த எண்களில் வரமாட்டார், கல்லாவில் நிற்பவர்தான் கேட்டுக் குறிக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி மாதத்தையும் மார்கழியையும் ஒப்பிட்டால் கணக்கு ஏமாற்றும். இன்சைட்ஸ் காட்டுவது பொதுவாகக் கடந்த 90 நாள் வரைதான் என்பதால், அடுத்த ஆடியோடு ஒப்பிட வேண்டுமென்றால் இந்த ஆடியின் ஐந்து எண்கள் நோட்டில் இருக்க வேண்டும். முப்பது நாள் கழித்து அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் மறுபடி முப்பது உரையாடல்களை எண்ணும்போது, விலை கேட்டுப் பதில் வராத அந்த ஒன்பதும் எண்ணோடு நின்றுபோன பதினொன்றும் எவ்வளவாகக் குறைந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.