பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டக் குறிப்பு: கட்டணமும் பாதுகாப்பும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டக் குறிப்பு என்பது, பள்ளி நிர்வாகத்தினர், ஆசிரியர் பிரதிநிதிகள், பெற்றோர் பிரதிநிதிகள் ஆகியோர் கூடிப் பேசி எடுத்த முடிவுகளின் எழுத்துப் பதிவு ஆகும். ஆசிரியர் அறையில் இதை "மினிட்ஸ் நோட்டு" என்றும், அலுவலகக் கடிதங்களில் "தீர்மானப் பதிவேடு" என்றும் குறிப்பிடுவர். கூட்டத்தில் பேசியவை சில வாரங்களில் மறந்துபோகும். பின்னாளில் கட்டணம் பற்றிய புகாரோ, பேருந்து விபத்து பற்றிய விசாரணையோ வரும்போது எல்லோரும் கேட்பது இந்த நோட்டைத்தான்.

எந்தக் குழு, என்ன அதிகாரம்

சென்னையில் "பள்ளி மேலாண்மைக் குழு" என்ற ஒரே பெயர் வெவ்வேறு அமைப்புகளைக் குறிக்கிறது. குறிப்பு எழுதுபவரும் அதில் கையெழுத்திடும் பெற்றோரும் முதலில் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இக்குழு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைகிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் இதன் பணிகள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் பெற்றோர் பங்கு அதே அளவுதான். ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அங்கே குழு ஆலோசனை மட்டுமே கூறலாம்.

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21ஆம் பிரிவு பொருந்தாது. தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் மிகுதியாக உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளில் குழுவை அந்த வாரியத்தின் இணைப்பு விதிகள் அமைக்கின்றன. இருபத்தொருவருக்கு மேற்படாத அந்தக் குழுவில் பள்ளி முதல்வர் உறுப்பினர் செயலர். பெற்றோர் இருவரும் அப்பள்ளி ஆசிரியர் இருவரும் இடம்பெறுவர். மீதி இடங்களில் பெரும்பாலானவை பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் கையில் இருக்கும்.

ஆகவே தனியார் பள்ளிக் கூட்டத்தில் பெற்றோர் இருவரால் வாக்கெடுப்பில் எதையும் வெல்ல இயலாது. அவர்களுக்கு உள்ள கருவி, தாம் சொன்னது குறிப்பில் ஏறுவதே. மாநகராட்சிப் பள்ளியில் கட்டணமே கிடையாது என்பதால் கட்டணப் பேச்சு பெரும்பாலும் தனியார் பள்ளிக்குரியது. கீழே வரும் விளக்கமும் அதைப் பற்றியதே.

கட்டணம் பற்றிய பதிவு

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக் குழு முடிவு செய்வதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பள்ளி அமைந்துள்ள இடம், கட்டட வசதி, நிர்வாக, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைக் கருதி ஆணை வழங்கப்படுகிறது. ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். சிபிஎஸ்இ பள்ளிகளும் இதற்கு உட்பட்டவையே. கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்திற்காக மட்டும் கொள்ளப்பட்டவை. ஒரு பள்ளிக்கு ஆறாம் வகுப்பிற்கு ஆண்டுக்கு ரூ.28,000 என்று ஆணை உள்ளது. பெற்றோரிடம் வாங்குவதோ ரூ.34,500. இடைப்பட்ட ரூ.6,500 எப்படி வந்தது என்று கூட்டத்தில் பெற்றோர் பிரதிநிதி கேட்கிறார். ஸ்மார்ட் வகுப்பிற்கு ரூ.3,000, கணினிக்கு ரூ.2,500, ஆண்டு விழாவிற்கு ரூ.1,000 என்று தாளாளர் விளக்குகிறார். சற்று வாக்குவாதம் நடக்கிறது. பிறகு காப்பி வருகிறது.

மறுநாள் நோட்டில் இப்படி எழுதப்படுகிறது: "கட்டணம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. விலைவாசி உயர்வைக் கருதிப் பெற்றோர் ஒத்துழைப்பு அளிக்க இசைந்தனர்." இவ்விரண்டு வாக்கியங்களில் கேள்வியும் இல்லை, தொகையும் இல்லை, ஆணையும் இல்லை. அதைவிட, பெற்றோர் இசைந்தனர் என்ற ஒரு பொய் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பெற்றோர் இசைந்தாலும் ஆணைக்கு மேற்பட்ட வசூல் சட்டப்படியானது ஆகிவிடாது. ஆனால் புகார் எழும்போது நிர்வாகம் காட்டும் முதல் தாள் இந்தப் பக்கமாக இருக்கும்.

அதே உரையாடலை நேர்மையாகப் பதிந்தால் இவ்வாறு அமையும்: "பொருள் 3. ஆறாம் வகுப்பிற்குக் கட்டண நிர்ணயக் குழு ஆணையின்படி ரூ.28,000, நடப்பாண்டில் பெறப்படுவது ரூ.34,500. வேறுபாடான ரூ.6,500க்கு விளக்கம் கேட்டுப் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் வினவினார். மூன்று தலைப்புகளில் பெறப்படுவதாகத் தாளாளர் கூறினார். இத்தலைப்புகள் ஆணைத் தொகைக்குள் அடங்குமா என்பதைக் காட்ட, ஆணை நகலை அடுத்த கூட்டத்திற்கு ஏழு நாள் முன்பாக உறுப்பினருக்கு வழங்க முதல்வர் பொறுப்பேற்றார். கூடுதல் தொகைக்குப் பெற்றோர் பிரதிநிதிகள் இருவரும் ஒப்புதல் தரவில்லை." யாரையும் இது குற்றம் சாட்டவில்லை. நிர்வாகத்திடம் நல்ல விளக்கம் இருந்தால் நிர்வாகத்தையும் இதே பக்கம் காப்பாற்றும்.

ஆணையின் எண்ணும் நாளும், அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதும் கட்டாயம் குறிக்கப்பட வேண்டும். காலம் முடிந்த ஆணையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் கூட்டங்களும் உண்டு. இன்னொன்று: கட்டணப் பாக்கி வைத்துள்ள மாணவர் பெயர்ப் பட்டியலைக் குறிப்பில் சேர்க்கக் கூடாது. எத்தனை பேர், எவ்வளவு தொகை என்பது போதும். பலர் படிக்கும் நோட்டில் ஒரு பிள்ளையின் பெயர் கடனோடு சேர்ந்து கிடக்க வேண்டிய தேவை இல்லை.

பாதுகாப்பு பற்றிய பதிவு

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர்நீதிமன்றம் தாமாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, வாகனத்தில் உதவியாளர் என்று இன்று நாம் பார்ப்பவை அவற்றில் அடங்கும். 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்திற்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பிறகு, வாகனங்களில் கேமராவும் உணரியும் பொருத்த வேண்டும் என்ற விதி சேர்ந்தது.

முதல் விபத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்தப் பேருந்துக்கு விபத்திற்குச் சில வாரங்கள் முன்புதான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. அதாவது "வாகனங்கள் அனைத்திற்கும் தகுதிச் சான்று உள்ளது" என்ற வழக்கமான வரி அன்றைக்கு உண்மையாகவே இருந்திருக்கும். தளத்தின் ஓட்டையும் இருந்திருக்கும்.

ஆதலால் பாதுகாப்புப் பொருளில் சான்று இருப்பதையும், நேரில் பார்த்ததையும் தனித்தனியே எழுத வேண்டும். "எல்லாப் பேருந்துகளும் நல்ல நிலையில் உள்ளன" என்பது பதிவு ஆகாது. "5ஆம் எண் பேருந்தில் தரை விரிப்பை நீக்கிப் பார்க்கப்பட்டது. பின் இருக்கையின் கீழ் தகடு துருப்பிடித்துள்ளது. சரிசெய்யும்வரை அவ்வண்டி ஓடாது. மாற்று வண்டி ஏற்பாடும் பழுது நீக்கமும் போக்குவரத்துப் பொறுப்பாளருடையது. 20ஆம் தேதி பெற்றோர் பிரதிநிதி ஒருவரும் ஆசிரியர் பிரதிநிதி ஒருவரும் மீண்டும் பார்ப்பர்" என்பது பதிவு. எந்த வண்டி, எந்த இடம், யார் பார்த்தார், யார் செய்வார், எந்த நாளுக்குள் என்பவை அதில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இந்த வரியே வர வேண்டும்.

மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற நெருக்கடியான பகுதிகளில் கணிசமான பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் வருவதில்லை. பெற்றோர் அமர்த்திய ஆட்டோவிலும் வேனிலும் வருகிறார்கள். "அவை எங்கள் வண்டிகள் அல்ல" என்று நிர்வாகம் சொல்வது முறையே. ஆனால் வாயிலில் பிள்ளைகளை எந்தப் பக்கம் இறக்குவது, பின்னோக்கி வண்டி எடுக்கும்போது யார் நிற்பது என்பவை பள்ளியின் பொறுப்பு. அவற்றைத் தனிப் பொருளாக வைப்பது நல்லது. அக்டோபர் கூட்டத்தில் வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு மின்பெட்டிகள், சுற்றுச்சுவர், மழைநீர் தேங்கும் இடம் ஆகியவற்றையும் இதே முறையில் பார்த்து எழுதலாம்.

குழுவுக்கு வரக் கூடாத ஒரு பொருள்

ஒரு குழந்தையிடம் யாரோ பாலியல் நோக்கில் தவறாக நடந்ததாகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னால், அதைக் குழு விவாதிக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததாக அறிந்தவரும் நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனப் பொறுப்பாளருக்கு, தம் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "உள்விசாரணைக்குப் பின் முடிவு செய்யலாம்" என்று தீர்மானம் எழுதினால், அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை என்பதற்கு அந்தத் தீர்மானமே சான்றாகிவிடும். குழந்தையின் பெயர், வகுப்பு, அடையாளம் தரும் எதுவும் நோட்டில் வரக் கூடாது. சட்டப்படி தகவல் தெரிவிக்கப்பட்டது என்ற ஒற்றை வரியும் நேரமும் போதும். குழந்தைகள் உதவி எண் 1098.

நோட்டைப் பற்றிச் சில

பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் இட்ட, தைத்த நோட்டு வேண்டும். தாள்களைச் செருகும் கோப்பு ஆகாது. வருகைக் கையெழுத்தும் தீர்மானக் கையெழுத்தும் வெவ்வேறு. பல பள்ளிகளில் கூட்டம் தொடங்கும்போதே வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கி, மேலே பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கத்தை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவசரமாகப் பணிக்குச் செல்லும் பெற்றோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வருகைக்கு மட்டும் கையெழுத்திட்டு, அருகில் "வருகைக்கு" என்று தம் கையாலேயே எழுதிவிட்டுப் போகலாம். தீர்மானங்களைப் படித்துக் காட்டிய பின், கடைசி வரிக்கு அடுத்த வெற்றிடத்தில் குறுக்குக் கோடு இழுத்து, அதன் கீழ் கையெழுத்திடுவதே முறை.

ஒப்பாத உறுப்பினர் தம் மறுப்பை ஒரு வரியில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். எழுத மறுத்தால், அதே நாளில் முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பு படிக்கப்பட்டு உறுதி செய்யப்படும்போது, அக்கடிதத்தை இணைக்குமாறு கோரலாம். உறுதி செய்த பிறகு பழைய பக்கத்தில் எதையும் அடித்துத் திருத்தக் கூடாது. பிழை இருந்தால் புதிய கூட்டத்தின் பக்கத்தில், தேதியோடு, திருத்தமாகவே எழுத வேண்டும்.