ஒரே தாளில் பருவமழை

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு முந்தைய இரவு. வேலை முடிந்து வீடு திரும்பியவருக்குப் படிக்க ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். இந்தியாவின் காலநிலைப் பாடத்தை மீண்டும் முழுதாகப் படிக்க அது போதாது. ஒரு ஏ4 தாளில் இந்திய வரைபடத்தைக் கோட்டுருவமாக வரைந்து காற்றுகளைக் குறிக்கப் போதும்.

முதலில் தென்மேற்குப் பருவக்காற்றின் இரண்டு கிளைகள். அரபிக்கடல் கிளை மேற்குத் தொடர்ச்சி மலையில் நேராக மோதி மேலேறுகிறது; குளிர்ந்து கேரளத்தில் கொட்டுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. அதனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதி. அதே கிளை வடக்கே ஆரவல்லியைத் தொடும்போது கதை மாறுகிறது. அங்கே மலை காற்றுக்கு இணையாகக் கிடக்கிறது, தடுப்பதில்லை. ராஜஸ்தான் வறண்டு கிடக்க இதுவும் ஒரு காரணம். வங்கக்கடல் கிளையோ மேகாலயாவின் காரோ, காசி குன்றுகளில் சிக்கி மேலேறுகிறது. மௌசின்ராம் நனைவது அப்படித்தான்.

மூன்று மலைகளையும் வெறும் பெயர்களாக எழுதாமல், காற்று வரும் திசைக்கு அவை எப்படிக் கிடக்கின்றன என்று அம்புக்குறியோடு வரைவதுதான் இந்தத் தாளின் உயிர். கூற்று, காரணம் வகைக் கேள்விகள் இந்த இடத்தில்தான் கால் வாரும்.

ஒன்றைப் பார்ப்போம். கூற்று: தென்மேற்குப் பருவக்காலத்தில் சோழமண்டலக் கடற்கரைக்குக் குறைந்த மழையே கிடைக்கிறது. காரணம்: வங்கக்கடல் கிளை அந்தக் கடற்கரைக்கு இணையாக வீசுகிறது. இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்கவும் செய்கிறது. ஆனால் ‘இணையாக’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஆரவல்லிக்குத் தாவி, இது ராஜஸ்தானுக்குரிய விளக்கம் என்று அடித்துவிடுகிறவர்கள் உண்டு. படத்தில் இரண்டு அம்புகளும் தனித்தனியாக இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

தமிழ்நாட்டுக்கு ஒரு விலக்கும் குறிக்க வேண்டும். நீலகிரி, கன்னியாகுமரி, வால்பாறை பக்கம் தென்மேற்கிலும் நல்ல மழை உண்டு. மாநிலத்திலேயே அதிக மழை பெறும் சின்னக்கல்லார் வால்பாறைக்கு அருகில்தான் இருக்கிறது. ‘தமிழ்நாடு முழுவதும்’ என்று தொடங்கும் விடையை உடனே சந்தேகிக்கலாம்.

அடுத்து வடகிழக்குப் பருவக்காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நிலத்திலிருந்து வறண்டு கிளம்பும் காற்று வங்கக்கடலைக் கடக்கையில் ஈரத்தை வாங்கிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இதுதான். வங்காளத்தின் கால்பைசாகி, கேரள, கர்நாடக மாஞ்சாரல் இரண்டும் கோடைக்காலத்தவை. ஓரத்தில் ஒரு வரி போதும்.

வரைந்தபின் தாளைக் கவிழ்த்துவிட்டு, வெற்றுத்தாளில் நினைவிலிருந்து வரைய வேண்டும். விட்டுப்போன அம்பைச் சிவப்பில் இட்டால், காலையில் அதை மட்டும் பார்த்தால் போதும்.

தேதிகளில் ஒரு கவனம் தேவை. 2020-ல் இந்திய வானிலை ஆய்வுத்துறை சில இயல்பான தேதிகளைத் திருத்தியது. கேரளத்தில் தொடங்கும் ஜூன் 1 மாறவில்லை. நாடு முழுவதும் பரவும் நாள் ஜூலை 15-லிருந்து ஜூலை 8 ஆனது. வடமேற்கில் விலகத் தொடங்கும் நாள் செப்டம்பர் 1-லிருந்து 17 ஆனது. பழைய கையேட்டைப் பார்த்துத் தாள் தயாரித்தவர்கள் இந்த இரண்டையும் இன்றிரவே திருத்திக்கொள்ளுங்கள்.