எதை முதலில் செய்வீங்க?

சகோதரிகளே, 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது நினைவிருக்கும். அதையே கேள்வியா வைப்போம். நெடி வருது, பக்கத்து வீட்டு அக்கா கண் எரிஞ்சு வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. முதலில் என்ன செய்யணும்?

கண் கழுவணும்னு சொல்லத் தோணும். நெடிக்குள்ளேயே கழுவி என்ன பயன்? முதலில் ஈரத்துணியால் உங்க மூக்கு, வாயை மூடுங்க. அடுத்து, காத்து வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து, நெடி இல்லாத இடத்துக்கு அவங்களைக் கூட்டிப் போங்க. பிறகுதான் கண். கசக்கவிடாம, சுத்தமான தண்ணியை 15 நிமிஷமாவது விடாம ஊத்தணும். அமோனியா கண்ணீரில் கரைந்து புண்ணாக்கும். ஒரு சொம்பு போதாது. எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது. நீங்க ஊத்தும்போதே இன்னொருத்தர் 108-ஐக் கூப்பிடட்டும். எரிச்சல் அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரலாம்.